டக்ட் பீம்ல இடிக்குதா? ஆர்க்கிடெக்டுக்கு க்வெரி எழுதுறது இப்படித்தான்

ஏசி சைடுல புதுசா சேர்ந்த பசங்க அனுப்புற க்வெரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "மூணாவது மாடில டக்ட் பீம்ல இடிக்குது, தயவுசெஞ்சு தெளிவுபடுத்தவும்." ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்லேர்ந்து வர்ற பதிலும் அதுக்கேத்த மாதிரிதான் வரும், "ஸ்ட்ரக்சர் டீமோட கோஆர்டினேட் பண்ணவும்"னு. இப்படியே ரெண்டு வாரம் ஓடிடும், அதுக்குள்ள சைட்ல டக்ட் ஃபிட்டர் அவரா ஒரு முடிவு எடுத்து மாட்டிடுவாரு, அப்புறம் சீலிங்காரர் வந்து "சார் ஃப்ரேம் உக்கார மாட்டேங்குது"ன்னு நிப்பாரு.

அந்த க்வெரில என்ன தப்புன்னா, ஆர்க்கிடெக்ட் முடிவு பண்ற மாதிரி அதுல ஒண்ணுமே இல்ல. எத்தனை எம்எம் குறையுது, எந்த இடத்துல, சர்வீஸ் இன்ஜினியரா நீங்க என்னென்ன பண்ணிப் பாத்தாச்சு, அவங்க எதுக்கு சரின்னு சொல்லணும், எதுவுமே இல்ல. ஓஎம்ஆர்ல ஒரு ஆபீஸ் பில்டிங்ல வந்த ஒரே ஒரு இடிப்பை எடுத்துக்கிட்டு, க்வெரியை முதல்லேர்ந்து முடிவு வரைக்கும் எப்படிக் கொண்டு போறதுன்னு சொல்றேன். நம்பர்லாம் அந்த சைட்டோடது, உங்க சைட்ல மாறும், ஆனா கணக்கு போடுற முறை அதேதான்.

இடிப்பு நிஜமா இருக்கான்னு முதல்ல பாருங்க

மாடல்ல இடிப்பைத் தேடிக் காட்டுற நேவிஸ்வொர்க்ஸ் சாஃப்ட்வேர்ல சிவப்பா காட்டுச்சுன்னு உடனே க்வெரி எழுத உக்காராதீங்க, அதே மாதிரி சிவப்பா காட்டலங்கிறதுக்காக இடிப்பு இல்லன்னும் நினைச்சுக்காதீங்க. நிறைய மாடல்ல டக்டோட ஷீட் சைஸ் மட்டும்தான் வரைஞ்சிருப்பாங்க, மேல சுத்துற இன்சுலேஷன் இருக்காது, கீழ தாங்குற ஆங்கிள் இருக்காது, ஃப்ளேஞ்ச் இருக்காது. மாடல்ல 20 எம்எம் கேப்போட அழகா போற டக்ட், சைட்ல பீமை உரசிக்கிட்டு நிக்கும்.

இன்னொண்ணு லெவல், பாதி குழப்பம் இங்கேர்ந்துதான் கிளம்புது. ஸ்ட்ரக்சர் டிராயிங்ல லெவல் எல்லாம் ஸ்லாப் மேல்மட்டத்துலேர்ந்து குடுத்திருப்பாங்க. ஆர்க்கிடெக்டோட சீலிங் டிராயிங்ல "2700"னு போட்டிருந்தா அது டைல்ஸ் போட்டு முடிச்ச தரையிலேர்ந்து 2700. நடுவுல ஸ்க்ரீடும் டைலும் சேர்ந்து எங்க சைட்ல 75 எம்எம். இதை விட்டுட்டீங்கன்னா உங்களுக்கு 75 எம்எம் இல்லாத இடம் இருக்கிற மாதிரி தெரியும், அந்த நம்பரை நம்பி நீங்க க்வெரியே எழுதாம விட்டுடுவீங்க.

பீம் ஏற்கனவே கான்கிரீட் போட்டாச்சுன்னா லேசர் எடுத்துட்டுப் போய் பீம் அடிமட்டத்தை நேர்ல அளந்துடுங்க, ஒரு இடத்துல மட்டும் இல்ல, டக்ட் கிராஸ் பண்ற இடத்துலயும் ரெண்டு ஓரத்துலயும். ஷட்டரிங் கொஞ்சம் தொங்கியிருந்தா நடுவுல 10, 15 எம்எம் இறங்கியிருக்கும். அளந்த நம்பரும் டிராயிங் நம்பரும் ரெண்டும் க்வெரில வரணும்.

இடத்தைக் கூட்டிக் கழிச்சுப் பாருங்க

எங்க கேஸ் இதுதான். மாடிக்கு மாடி ஸ்லாப் மேல்மட்டம் 3900. தரை ஃபினிஷ் 75 போக, மேல் ஸ்லாபோட மேல்மட்டம் நம்ம தரையிலேர்ந்து 3825ல இருக்கு. சி லைன்ல, கிரிட் 4க்கும் 5க்கும் நடுவுல ஸ்பான் பெருசு, அதனால பீம் ஸ்லாபோட சேர்த்து 750 ஆழம். அப்போ பீம் அடி 3075. சீலிங் 2700. நடுவுல கிடைக்கிறது 375.

375 இருக்கே, டக்ட் 400 தானே, 25தானே குறையுது, கொஞ்சம் தட்டையாக்குனா போயிடும்னு தோணும். அப்படி இல்ல. சீலிங் போர்டும் அதோட சேனலும் ஒரு 75 சாப்பிடும், மீதி 300. டக்ட் 700க்கு 400, அந்த 400ஓட மேலயும் கீழயும் 25 எம்எம் நைட்ரைல் இன்சுலேஷன் சேர்ந்தா 450, அடியில தாங்குற ஆங்கிள் 40, ஆக 490. அதாவது 190 குறையுது. சைட்ல எதுவும் டிராயிங் மாதிரி நேரா வராதுங்கிறதால 25 எம்எம் விளையாட்டு இடம் விடணும், அப்போ உண்மையான பற்றாக்குறை 215. க்வெரில முதல் வரில வரவேண்டிய நம்பர் இது. "இடிக்குது"ன்னு எழுதாம "215 எம்எம் குறையுது"ன்னு எழுதினா படிக்கிறவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிடும் இது சின்ன அட்ஜஸ்ட்மென்ட்ல தீர்ற விஷயமா, பெரிய முடிவு எடுக்கணுமான்னு.

இங்க ஒண்ணு அழுத்தமா சொல்லணும். இடம் பத்தலன்னா சைட்ல முதல்ல பலியாகுறது இன்சுலேஷன்தான். "பீமுக்கு கீழ மட்டும் இன்சுலேஷன் இல்லாம விட்டுடலாம் சார், ஒரு அடிதானே"ன்னு சொல்லுவாங்க, இல்லன்னா 25 எம்எம் ஷீட்டை பீமுக்கும் டக்டுக்கும் நடுவுல அமுக்கி 8 எம்எம் ஆக்கிடுவாங்க. சென்னைல இதை ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க. சப்ளை டக்ட்ல காத்து 13, 14 டிகிரில போகுது, நம்ம ஊர் வெளிக்காத்தோட டியூ பாயின்ட் வருஷத்துல பல மாசம் 24, 25 டிகிரி கிட்ட இருக்கும். சனி ஞாயிறு ஏசி ஆஃப்ல இருக்கும்போது சீலிங்குக்கு மேல ஈரக்காத்து நிறைஞ்சிடும், திங்கக்கிழமை காலைல ஏஹெச்யூ ஓட ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல இன்சுலேஷன் இல்லாத அந்த ஒரு அடில தண்ணி கோத்துக்கும். ஜிப்சம் போர்டுல மஞ்சக் கறை பீம் லைனுக்கு நேரா கோடு போட்ட மாதிரி வந்துச்சுன்னா காரணம் பெரும்பாலும் இதுதான், ஆனா எல்லாரும் பைப் லீக்குன்னு தேடிட்டு இருப்பாங்க. அதனால இன்சுலேஷனோட 50 எம்எம்ல பேரம் கிடையாது.

கேக்குறதுக்கு முன்னாடி உங்க கைல இருக்கிறதை முடிங்க

டக்ட் சைஸ், ரூட் ரெண்டும் உங்க பொறுப்பு. சீலிங் உயரம் ஆர்க்கிடெக்டோடது. பீம் ஸ்ட்ரக்சரோடது. உங்க பொறுப்புல இருக்கிறதை முழுசா பாக்காம அடுத்தவங்க பொறுப்புல மாத்தச் சொல்லிக் கேட்டா, கேள்வி அப்படியே திரும்பி வந்துடும்.

முதல்ல தட்டையாக்குறது. எங்க டக்ட்ல 4200 சிஎஃப்எம் போகுது, 700க்கு 400ல வேகம் செகண்டுக்கு 7 மீட்டர் சுமார், அது பரவால்ல. பீமுக்கு கீழ இருக்கிற 300ல ஆங்கிள் 40, இன்சுலேஷன் 50, விளையாட்டு இடம் 25 கழிச்சா டக்டுக்கு 185தான் மிச்சம், 175னு எடுத்துக்கலாம். அதே பரப்பளவு வேணும்னா அகலம் 1600 ஆகணும். 1600க்கு 175ங்கிறது ஒன்பது மடங்கு அகலம், நாலு மடங்குக்கு மேல போகாம பாக்கணுங்கிறது தொழில்ல எல்லாரும் வெச்சிருக்கிற வரம்பு. பரப்பளவு ஒண்ணா இருந்தாலும் உரசல் ஒண்ணா இருக்காது, இந்தத் தட்டை டக்ட்ல அது கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆகுது, ஷீட் அதிகம், நடுவுல ஷீட் துடிச்சு சத்தம் வரும், 1200க்கு மேல அகலம் போச்சுன்னா ஸ்ப்ரிங்க்ளர் டீம் வேற தனியா கேள்வி கேப்பாங்க. ஒரு மீட்டர் தூரத்துக்கு 20, 30 எம்எம் தட்டையாக்குறது சரி, இங்க அது வழி இல்ல.

ரெண்டாவது, டக்டை ரெண்டா பிரிக்கிறது. 800க்கு 175ல ரெண்டு. அகல விகிதம் கொஞ்சம் பரவால்ல, ஆனா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல போக 1800க்கு மேல இடம் வேணும், அங்க கேபிள் ட்ரே ஓடுது.

மூணாவது, ரூட் மாத்துறது. கிரிட் 5க்கும் 6க்கும் நடுவுல காரிடார், அங்க ஸ்பான் 3 மீட்டர்தான், சி லைன்ல பீம் 450ன்னு எங்ககிட்ட இருந்த டிராயிங் சொல்லுச்சு. அப்போ பீம் அடி 3375, சீலிங் வரைக்கும் 675, சீலிங்கோட 75 போனா 600. நமக்கு வேண்டியது 515. தாராளமா போகும். ஆனா 8 மீட்டர் டக்ட் கூடுது, ரெண்டு பெண்ட் கூடுது, ஏஹெச்யூ ஃபேனோட ஸ்டேட்டிக் தாங்குமான்னு பாக்கணும், பாத்தோம், தாங்கும். இந்த மாதிரி "பாத்தோம், தாங்கும்"னு நீங்களே சொல்லிடணும், அதை ஆர்க்கிடெக்ட் சொல்ல முடியாது.

பீம்ல ஓட்டை போடலாமான்னு யாராச்சும் கண்டிப்பா கேப்பாங்க. 750 பீம்ல 450 உயரத்துக்கு ஓட்டைங்கிறது பேசவே வேண்டாத விஷயம். சின்ன பைப் ஸ்லீவ்னா கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி, ஸ்ட்ரக்சரல் கன்சல்டன்ட் எழுத்துல சொன்ன இடத்துல மட்டும். போஸ்ட் டென்ஷன் பீம்னா கோர் கட்டிங் மெஷினை அந்தப் பக்கமே கொண்டு போகாதீங்க, உள்ள இழுத்துக் கட்டின கேபிள் அறுந்தா பக்கத்துல நிக்கிற ஆளுக்கே ஆபத்து. பீம் அடிய கொத்தி 20 எம்எம் எடுக்குறதும் அதே மாதிரிதான், அந்த 20 எம்எம் கம்பிக்கு மேல இருக்கிற கவர், நம்ம ஊர் உப்புக்காத்துல அது இல்லன்னா கம்பி துருப்பிடிக்க ஆரம்பிச்சிடும்.

க்வெரி எழுதுறது

ஒரு க்வெரில ஒரே ஒரு இடம். அஞ்சு இடத்தை ஒண்ணா சேர்த்து அனுப்புனா மூணுக்கு பதில் வரும், அதை வெச்சு க்வெரியை குளோஸ் பண்ணிடுவாங்க, மீதி ரெண்டு காணாமப் போயிடும். அனுப்புறது இங்கிலீஷ்லதான் இருக்கும், சாரம் என்னன்னா இதுதான்:

> தலைப்பு: மூணாவது மாடி, சி லைன், கிரிட் 4–5. மெயின் சப்ளை டக்டுக்கு பீமுக்கு கீழ 215 எம்எம் குறையுது. சீலிங் லெவல் முடிவு தேவை.
>
> நிலைமை: பீம் அடி தரை ஃபினிஷ்லேர்ந்து 3075 (டிராயிங்), 3068 (சைட்ல அளந்தது). சீலிங் 2700. டக்டுக்கு இன்சுலேஷன், ஆங்கிள், சீலிங் ஃப்ரேம், விளையாட்டு இடம் எல்லாம் சேர்த்து 590 வேணும், இருக்கிறது 375. பாத்த டிராயிங்கோட நம்பரும் ரிவிஷனும் கீழே இருக்கு.
>
> நாங்க பாத்தது: டக்டை தட்டையாக்குறதும் ரெண்டா பிரிக்கிறதும் ஒத்து வரல, காரணம் இணைப்புல.
>
> வழி அ: இதே ரூட். கிரிட் 4–5ல பீமை ஒட்டி சீலிங்கை 2475க்கு இறக்குறது. லைட் பொசிஷன் மாறும்.
>
> வழி ஆ: டக்ட் காரிடார் வழியா சுத்திப் போறது. சீலிங் 2700லயே இருக்கும். கேபிள் ட்ரே 300 எம்எம் தள்ளணும். எங்க பரிந்துரை இது.
>
> கேள்வி: அ, ஆ ரெண்டுல எது? ஆ-ன்னா காரிடார் பீம் 450ங்கிறதை ஸ்ட்ரக்சரல் கன்சல்டன்ட் உறுதி பண்ணணும்.
>
> பதில் வேண்டிய தேதி: டக்ட் ஃபேப்ரிகேஷன் ஆரம்பிக்கிறதுக்கு ஏழு நாள் முன்னாடி. அதுவரைக்கும் இந்த லைன் மட்டும் நிறுத்தி வெச்சிருக்கோம்.

இதுல சைட்ல அளந்தது 3068ன்னு இருக்கு பாருங்க, அந்த 7 எம்எம்மை நம்ம விளையாட்டு இடம் தாங்கிக்கும்ங்கிறதால கணக்கை டிராயிங் நம்பர்லயே வெச்சிருக்கு, ஆனா நம்பரை மறைக்கல. 2475ங்கிறதும் சும்மா போட்டது இல்ல, 2700ல 215 போனா 2485, அதை சீலிங்காரர் வேலை பண்ற ரவுண்ட் நம்பரா ஆக்கினது. ஏசி ரூம்ல டக்டோ ஃபால்ஸ் சீலிங்கோ எது கீழ இருக்கோ அது தரையிலேர்ந்து 2.4 மீட்டருக்கு குறையக் கூடாதுன்னு 2016 நேஷனல் பில்டிங் கோட் சொல்லுது, அதனால 2475 பாஸ் ஆகும். 2380னு ஒரு வழியை எழுதி அனுப்பினா ஆர்க்கிடெக்ட் அதை படிச்சதோட மீதியையும் மூடி வெச்சிடுவாங்க.

கேள்வி எப்பவும் "எது"ன்னு முடியணும், "என்ன பண்ணலாம்"னு முடியக் கூடாது. ஆர்க்கிடெக்ட் அவங்க டிராயிங்ல ஒரு எழுத்தை மட்டும் டிக் பண்ற மாதிரி இருக்கணும். ஒவ்வொரு வழிக்கும் அவங்க பக்கம் என்ன இழப்புன்னு எழுதுங்க, லைட் நகருது, காரிடார் தாழுது, அந்த மாதிரி. உங்க பக்க செலவை ரெண்டாவதா வைங்க.

கூட ஒரே ஒரு செக்ஷன் படம் போதும், பீமுக்கு குறுக்கா வெட்டினது, எல்லா லெவலும் தரை ஃபினிஷ்லேர்ந்து எழுதி, இன்சுலேஷன் ஆங்கிள் உட்பட வரைஞ்சு. 3டி ஸ்க்ரீன்ஷாட் பாக்க நல்லா இருக்கும், ஆனா அதுல அளவு தெரியாது.

அனுப்புறதும் பதிலை படிக்கிறதும்

கான்ட்ராக்ட்ல என்ன வழி சொல்லியிருக்கோ அந்த வழிலதான் போகணும், பெரும்பாலும் ப்ராஜெக்டை மேனேஜ் பண்ற கன்சல்டன்டான பிஎம்சி மூலமா. ஸ்ட்ரக்சரல் கன்சல்டன்டை காப்பில கண்டிப்பா வைங்க. அனுப்பிட்டு மறுநாள் ஒரு ஃபோன் போடுங்க. எங்க ஆர்க்கிடெக்ட் மேடம் ஃபோன்ல கேட்ட முதல் கேள்வியே "காரிடார்ல சீலிங் எத்தனை வரைக்கும் இறங்கினா உங்களுக்கு போதும் தம்பி?"ன்னுதான். அந்த நம்பர் கைல இல்லன்னா "பாத்து சொல்றேன் மேடம்"னு சொல்லி இன்னும் மூணு நாள் போகும்.

எங்க கேஸ்ல நடந்தது என்னன்னா, மேடம் வழி ஆ-க்கு சரின்னுட்டாங்க, ஆனா ஸ்ட்ரக்சர் ஆபீஸ்லேர்ந்து ஒரு வரி வந்துச்சு: "நீங்க பாத்த ரிவிஷன் பழசு, காரிடார் பீம் இப்போ 600." க்வெரில ரிவிஷன் நம்பர் எழுதியிருந்ததாலதான் இதை அவங்க கவனிச்சாங்க. 600ன்னா பீம் அடி 3225, நமக்கு வேண்டிய 590 போனா 2635. 2700 சீலிங் அங்க நிக்காது. உடனே அதே க்வெரி நம்பர்லயே ரிவிஷன் போட்டு, "காரிடார் சீலிங் 2635 அல்லது அதுக்கும் கீழ வேணும், வழி ஆ மத்தபடி அப்படியே"ன்னு அனுப்பினோம். மேடம் காரிடாரை முழுசா 2600க்கு இறக்கிட்டாங்க, வேலை செய்யுற ஹாலோட 2700ஐ தொடவே இல்ல. எங்களுக்கு 35 எம்எம் மிச்சம் கிடைச்சுது, அதை ஸ்ப்ரிங்க்ளர் டீம்கிட்ட குடுக்காம வெச்சிருந்தோம், ஏன்னா சைட்ல பீம் கொஞ்சம் தொங்கியிருந்தா அது போயிடும்.

பதில் வந்ததும் சில சொற்களை கவனமா படிங்க. "நோட்டட்"னு வந்தா அது ஒப்புதல் இல்ல. "இன் ப்ரின்சிபிள் ஓகே"ன்னு வந்தா இன்னும் யாரோ ஒருத்தர் சொல்லணும்னு அர்த்தம், யாருன்னு கேளுங்க. ஃபோன்லயோ சைட் விசிட்லயோ சரின்னு சொன்னாங்கன்னா அன்னைக்கு சாயங்காலமே "இன்னைக்கு பேசினபடி வழி ஆ, காரிடார் 2600"னு ஒரு மெயில் போட்டு அவங்க பதிலை வாங்கிடுங்க, இது நம்பிக்கை இல்லாததால இல்ல, அவங்க ஆபீஸ்ல சீலிங் டிராயிங் வரையுறவர் வேற ஆள், அவருக்கு அந்த பேச்சு தெரியாது.

க்வெரி குளோஸ் ஆனதும்

குளோஸ்னு ஸ்டேட்டஸ் மாறினதும் வேலை முடியல. கோஆர்டினேட்டட் டிராயிங்ல புது ரூட்டை வரைஞ்சு, க்வெரி நம்பரை அந்த இடத்துல குமிழி போட்டு எழுதி, டக்ட் ஷாப்புக்கும் சீலிங்காரருக்கும் எலக்ட்ரிக்கலுக்கும் ஒரே நாள்ல அனுப்புங்க. கேபிள் ட்ரே தள்ளணும்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க, எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன் அதை படிச்சிருப்பாருன்னு நினைக்காதீங்க, நேர்ல காட்டுங்க. ஷாப் டிராயிங்ல இன்னொண்ணு பாத்துக்குங்க, டக்ட் பீஸோட ஜாயின்ட் பீமுக்கு நேர் கீழ விழக் கூடாது. ஃப்ளேஞ்ச் ஷீட்டை விட சுமார் 35 எம்எம் வெளில நீட்டிக்கிட்டு நிக்கும், அது மேல இன்சுலேஷன் வேற சுத்தணும், 400ஐ வெச்சுப் போட்ட கணக்குல அது இல்ல. பீஸ் நீளத்தை கொஞ்சம் மாத்தி ஜாயின்டை பீம்லேர்ந்து ஒரு அடி தள்ளி வெச்சா போதும், செலவே இல்லாத வேலை.

டக்ட் தொங்கினதும் சீலிங் ஃப்ரேம் வர்றதுக்கு முன்னாடி லேசரோட போய் ஆங்கிளோட அடிமட்டத்தை அளந்து, பீமுக்கு கீழ இன்சுலேஷன் அமுங்காம 25 எம்எம் அப்படியே இருக்கான்னு கையை விட்டுப் பாருங்க. எங்க கேஸ்ல ஆங்கிள் அடி 2675க்கு மேல இருக்கணும், 2600 சீலிங்குக்கு 75 ஃப்ரேம் போக. அந்த நம்பரை சீலிங்காரரோட சேர்ந்து எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு, அந்த பேப்பரை க்வெரி ஃபைலோட வெச்சிடுங்க.